கார் இன்சூரன்ஸ் கோட்டேஷன்: மொத்தத் தொகைக்கு மேலே உள்ள வரிகளைப் படிப்பது எப்படி?

கேள்வி: அண்ணா, எங்கள் ஊர் பாலக்கோடு. 1197 சிசி பெட்ரோல் கார், டிஎன் 29 பதிவு, புதிதாக வாங்கி இந்த மாதத்தோடு மூன்று வருஷம் முடிகிறது. இதுவரை ஒரு க்ளெய்ம்கூடப் போட்டதில்லை. போன வருஷம் 10,739 ரூபாய் கட்டினேன். இந்த வருஷம் ஏஜென்ட் 15,728 என்று கோட்டேஷன் அனுப்பிவிட்டு, "பத்தாயிரத்துக்கு மேல் டிஸ்கவுண்ட் போட்டுத்தான் இந்த ரேட்" என்கிறார். மாமா பையன் வெப்சைட்டில் போட்டுப் பார்த்தால் 9,867 என்று வருகிறது. ரெண்டையும் படம் எடுத்துப் போட்டிருக்கிறேன். வீட்டில் ஒரு பைக்கும் இருக்கிறது. எதைக் கட்டுவது? ஏஜென்ட் ஏமாற்றுகிறாரா?

பதில்:

தம்பி, ஏஜென்ட் ஏமாற்றவில்லை. வெப்சைட்டும் மலிவாகத் தரவில்லை. நீங்கள் போட்ட ரெண்டு படத்தையும் வரி வரியாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், ரெண்டுமே ஒரே ரேட்தான். 5,861 ரூபாய் வித்தியாசம் முழுக்க, உள்ளே என்ன சேர்த்திருக்கிறார்கள், என்ன விட்டிருக்கிறார்கள், எதைத் தப்பாகப் போட்டிருக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. அதிலும் வெப்சைட் கோட்டேஷனில் ஒரு வரி தவறு. அதைத் திருத்தாமல் பணம் கட்டினால் பின்னால் க்ளெய்மே சிக்கலாகும். கிருஷ்ணகிரி, தர்மபுரி வண்டிகளின் க்ளெய்ம் கோப்புகளைப் பல வருஷம் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், தகராறு வருகிற கோப்புகளில் பாதிக்கு வேர் இந்தப் பிரீமியம் பிரிப்புத் தாளிலேயே இருக்கும். பணம் கட்டும்போது யாரும் அதைப் படிப்பதில்லை.

முதலில் ஏஜென்ட் தாளை எடுங்கள். அதில் ரெண்டு பகுதி இருக்கும். ஒன்று 'ஓன் டேமேஜ்', அதாவது உங்கள் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கு. இன்னொன்று 'லயபிலிட்டி' அல்லது 'தேர்டு பார்ட்டி', உங்கள் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கு. ரெண்டையும் கூட்டி, அதன்மேல் வரி போட்டு, கடைசியில் மொத்தம். இந்த ரெண்டு பகுதியும் வேறு வேறு விதிப்படி நடப்பவை. ஒன்றில் கம்பெனி தன் இஷ்டத்துக்கு விலை வைக்கலாம், தள்ளுபடி தரலாம். மற்றொன்றின் அடிப்படைத் தொகையில் யாரும் கைவைக்க முடியாது. அதனால் "மொத்தத்தில் இத்தனை சதவீதம் தள்ளுபடி" என்று யார் சொன்னாலும், எந்தப் பகுதியில் என்று திருப்பிக் கேளுங்கள்.

கை வைக்க முடியாத பகுதியை முதலில் பார்த்துவிடலாம், அது சுலபம். தேர்டு பார்ட்டி அடிப்படை பிரீமியத்தை அரசு நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த விகிதப்படி, தனியார் கார் 1000 சிசி வரை 2,094 ரூபாய், 1000க்கு மேல் 1500 சிசி வரை 3,416, அதற்கு மேல் 7,897. உங்கள் வண்டி 1197 சிசி, இரண்டு தாளிலும் 3,416 என்றே இருக்கிறது, சரி. ரெண்டு கம்பெனித் தாளில் இந்த ஒரு வரி மட்டும் வேறுபட்டால், வண்டியின் சிசியை யாரோ தப்பாகப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். விலை கம்மி என்று சந்தோஷப்பட வேண்டாம், ஆர்சி புத்தகத்தோடு ஒத்துப் பாருங்கள்.

போன வருஷத்தைவிட இவ்வளவு ஏறியதற்கும் இந்த வரிதான் பெரிய காரணம். 2018 செப்டம்பரிலிருந்து புதுக் கார் வாங்கும்போதே மூன்று வருஷத் தேர்டு பார்ட்டியைச் சேர்த்து வாங்கிவிடுகிறார்கள். ஷோரூமில் கட்டிய மொத்தத்தில் அது போய்விட்டதால் உங்களுக்கு நினைவில் இருக்காது. இரண்டாம், மூன்றாம் வருஷங்களில் நீங்கள் கட்டியது வண்டிச் சேதத்துக்கு மட்டும். இப்போது அந்த மூன்று வருஷம் முடிகிறது, அதனால் 3,416ம் அதன் ஜிஎஸ்டி வரி 615ம், ஆக 4,031 ரூபாய் புதிதாக வந்து உட்கார்ந்திருக்கிறது. போன வருஷத்துக்கும் இந்த வருஷத்துக்கும் வித்தியாசம் 4,989. அதில் ஐந்தில் நாலு பங்கு இதுவே. மூன்று வருஷம் முடியாத வண்டிக்கு யாராவது தேர்டு பார்ட்டியைச் சேர்த்துக் கோட்டேஷன் கொடுத்தால்தான் சண்டை போட வேண்டும், ஏற்கெனவே கட்டியதற்கு மறுபடி கட்டுவது போல ஆகிவிடும். உங்கள் விஷயத்தில் அது நியாயமான தொகைதான். பழைய பாலிசியில் ஓன் டேமேஜ் முடியும் தேதியும் தேர்டு பார்ட்டி முடியும் தேதியும் தனித்தனியாக அச்சாகியிருக்கும், ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி ஓன் டேமேஜ். மொத்த விளையாட்டும் இங்கேதான்.

இதற்கு அடிப்படை ஐடிவி, அதாவது வண்டி முழுசாகப் போனால் கம்பெனி ஒத்துக்கொள்ளும் மதிப்பு. கார் கம்பெனி அறிவித்த விலையில் வயதுக்கேற்பத் தேய்மானம் கழிப்பார்கள். மூன்று முடிந்து நான்காம் வருஷத்தில் கால் வைக்கும் வண்டிக்கு 40 சதவீதம் கழியும். உங்கள் மாடலின் விலை 8,00,000 என்று தாளில் இருக்கிறது, அதில் 40 சதவீதம் போக 4,80,000. ஏஜென்ட் தாளில் அப்படியே இருக்கிறது.

இந்த ஐடிவி மேல் ஒரு விகிதம். பழைய கட்டண அட்டவணையில், ஐந்து வருஷத்துக்குட்பட்ட 1000 முதல் 1500 சிசி காருக்கு 'பி' மண்டலத்தில் 3.191 சதவீதம். மண்டலம் என்பது வண்டி பதிவான ஊரைப் பொறுத்தது. சென்னை, பெங்களூரு, மும்பை, டெல்லி உள்ளிட்ட எட்டு பெருநகரங்கள் 'ஏ', மற்றதெல்லாம் 'பி'. தர்மபுரி டிஎன் 29, கிருஷ்ணகிரி டிஎன் 24, ஓசூர் டிஎன் 70 எல்லாமே 'பி'தான். ஓசூரில் குடியிருந்துகொண்டு பெங்களூரு பதிவு வண்டி ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர், அவர்களுக்கு 'ஏ' விகிதம் 3.283 வரும். பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஓசூர்ப் பதிவு வண்டிக்கு, முகவரி பெங்களூரு என்பதற்காக 'ஏ' போட்டிருந்தால் அதைத் திருத்தச் சொல்லலாம்.

4,80,000ல் 3.191 சதவீதம் 15,317 ரூபாய். இது நீங்கள் கட்டப்போகிற தொகை இல்லை, தள்ளுபடி ஆரம்பிக்கிற இடம். 2007ல் கட்டணக் கட்டுப்பாட்டை எடுத்த பிறகு, பல கம்பெனிகள் இந்தப் பழைய விகிதத்தை மேலே காட்டிவிட்டு அதிலிருந்து தங்கள் இஷ்டப்படி குறைக்கின்றன. உங்கள் ஏஜென்ட் தாளில் 50 சதவீதம் குறைத்திருக்கிறார்கள். 7,659 போய் மீதி 7,658. அதன் பிறகு நோ க்ளெய்ம் போனஸ், மூன்று வருஷம் க்ளெய்ம் இல்லாததால் 35 சதவீதம். இதைக் கவனியுங்கள், 50ம் 35ம் சேர்ந்து 85 ஆகாது. 35 சதவீதம் மீதியுள்ள 7,658 மேல்தான் விழும், 2,680 ரூபாய். கடைசியில் அடிப்படை ஓன் டேமேஜ் 4,978.

ஏஜென்ட் சொன்ன "பத்தாயிரத்துக்கு மேல் டிஸ்கவுண்ட்" எப்படி வந்தது என்று இப்போது தெரியும். 7,659ம் 2,680ம் சேர்ந்து 10,339. அதில் 2,680 யாரும் தந்த சலுகை இல்லை, மூன்று வருஷம் வண்டியை ஒழுங்காக ஓட்டி நீங்கள் சம்பாதித்தது. எந்தக் கம்பெனிக்குப் போனாலும் அது உங்களோடு வரும். வண்டியை விற்றாலும் உங்களோடுதான் வரும், வண்டியோடு போகாது. கம்பெனி விட்டுக்கொடுத்தது 50 சதவீதம் மட்டும். பேரம் பேசலாம் என்றால் அந்த ஒரு வரியில்தான் பேச முடியும். 60 சதவீதமாகக் கொடுத்தால் என்ன மிச்சம்? 15,317ல் 60 போக 6,127, அதில் 35 சதவீதம் போனஸ் போக 3,983. ஆக 995 ரூபாய், வரியோடு சுமார் 1,174. பத்து சதவீதம் கூட்டிக் கேட்டால் பிரீமியமே பத்து சதவீதம் குறையும் என்று எதிர்பார்த்து ஏமாற வேண்டாம்.

இந்த இடத்தில் வெப்சைட் தாளைப் பக்கத்தில் வையுங்கள்.

அதில் ஐடிவி 4,10,000. அதாவது உங்கள் வண்டி மதிப்பை 70,000 குறைத்துக் காட்டியிருக்கிறார்கள். பல தளங்களில் ஐடிவியை நகர்த்தும் வசதி இருக்கும், பட்டியலில் மலிவாகத் தெரிய வேண்டும் என்பதால் குறைந்த மதிப்பிலேயே நிறுத்தி வைத்திருப்பதும் உண்டு. இதனால் உங்களுக்கு என்ன மிச்சம் என்று பார்த்தேன். அடிப்படைப் பிரீமியத்தில் 2,234 குறைகிறது. ஆனால் அதில் பாதி எப்படியும் தள்ளுபடியில் போகிற பணம், மிச்சத்தில் 35 சதவீதம் போனஸில் போகிற பணம். கடைசியில் கைக்கு வருவது 726 ரூபாய், வரியோடு 857. இந்த 857 ரூபாய்க்காக, வண்டி திருட்டுப் போனாலோ, தொப்பூர் கணவாயில் பின்னால் வந்த லாரி ஏறி முழுசாக நசுங்கினாலோ உங்களுக்கு 70,000 ரூபாய் குறைவாகக் கிடைக்கும். பழுதுச் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினாலே முழு நஷ்டம் என்று கணக்கெடுப்பார்கள் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். ஐடிவியைக் குறைத்து மிச்சம் பிடிக்க நான் யாருக்கும் சொல்வதில்லை. தேவைக்கு மேல் ஏற்றுவதும் வீண்தான், சந்தை விலையை ஒட்டி இருந்தால் போதும்.

அடுத்த வரி, 'வாலன்டரி டிடக்டிபிள் 2,500', அதற்கு 750 ரூபாய் தள்ளுபடி. ஒவ்வொரு க்ளெய்மிலும் முதல் 2,500 ரூபாயை நானே போட்டுக்கொள்கிறேன் என்று நீங்களாக ஒப்புக்கொள்வது இது. 1500 சிசி வரையுள்ள காருக்குக் கட்டாயமாகவே 1,000 ரூபாய் கழிப்பார்கள், அதற்கு மேல் இது. ஆக ஒரு க்ளெய்முக்கு 3,500 உங்கள் கையிலிருந்து. 750 தள்ளுபடியும் போனஸ் கணக்குக்கு முன்னால் கழிவதால் உண்மையில் மிச்சம் 488 ரூபாய்தான். சின்னச் சின்ன உரசலுக்கெல்லாம் க்ளெய்ம் போடுவதில்லை, போனஸைக் காப்பாற்றிக்கொள்வேன் என்று இருப்பவருக்கு இது தப்பில்லை. ஆனால் உங்கள் மாமா பையன் இதைத் தெரிந்து தேர்ந்தெடுத்தானா, டிக் ஆகியிருந்ததை அப்படியே விட்டானா என்று கேளுங்கள்.

மூன்றாவது வரிதான் எனக்குக் கவலை. அதில் நோ க்ளெய்ம் போனஸ் 50 சதவீதம் என்று இருக்கிறது. போனஸ் ஏறும் படி 20, 25, 35, 45, 50. ஐந்து வருஷம் தொடர்ந்து க்ளெய்ம் இல்லாமல் இருந்தால்தான் 50. உங்கள் வண்டிக்கு மூன்று வருஷம்தான் ஆகிறது, போன வருஷப் பாலிசியில் 25 என்று இருந்திருக்கும், எனவே இப்போது 35தான் சரி. பழைய காரின் போனஸை இந்த வண்டிக்கு மாற்றியிருந்தால் மட்டும் வேறு கணக்கு, அப்படி எதுவும் உங்கள் தாளில் தெரியவில்லை. இந்த 15 சதவீத வித்தியாசத்தால் வெப்சைட்டில் குறைந்தது 869 ரூபாய்.

"கம்பெனிக்காரனே கொடுக்கும்போது எனக்கென்ன?" என்று விட முடியாது. கோட்டேஷன் எடுக்கும்போது "என் போனஸ் சரிதான், தவறாக இருந்தால் வண்டிச் சேதப் பகுதியின் பலனை இழக்கச் சம்மதம்" என்கிற உறுதிமொழியை நீங்கள் ஏற்றுக்கொள்கிறீர்கள். சின்ன எழுத்தில், ஒரு டிக் பெட்டியாக இருக்கும். புதுக் கம்பெனி பழைய கம்பெனியிடம் விசாரிக்கும்போது, அல்லது க்ளெய்ம் வந்து கோப்பைத் திறக்கும்போது, இது வெளியே வரும். 869 ரூபாய்க்கு நாலு லட்ச ரூபாய்க்கு மேலான பாதுகாப்பைப் பணயம் வைப்பது அது. வேண்டுமென்று செய்யாவிட்டாலும் கையெழுத்து உங்களுடையது. இன்ஜின் நம்பருக்கு அடுத்து நான் எந்தக் கோட்டேஷனிலும் முதலில் சரிபார்க்கும் வரி இதுதான்.

சரி, ஆட்-ஆன், அதாவது கூடுதல் பணம் கட்டிச் சேர்க்கும் பாதுகாப்புகள் பக்கம் வருவோம். ஏஜென்ட் தாளில் நாலு இருக்கிறது: ஜீரோ டெப் 2,400, இன்ஜின் பாதுகாப்பு 720, ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் 960, ரோடு சைடு உதவி 180. மொத்தம் 4,260. வெப்சைட்டில் ஜீரோ டெப் மட்டும், 2,050. அந்த 2,050 மலிவு மாதிரித் தெரியும். 4,10,000ல் அரை சதவீதம் 2,050, 4,80,000ல் அரை சதவீதம் 2,400. இங்கேயும் அதே ரேட்தான், ஐடிவி குறைந்ததால் தொகை குறைந்திருக்கிறது.

ஜீரோ டெப் உங்கள் வண்டி வயதுக்கு வைத்துக்கொள்ள வேண்டியது. அது இல்லாவிட்டால் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களில் பாதி விலையைக் கழித்துவிடுவார்கள், உலோகப் பாகங்களில் நான்காம் வருஷ வண்டிக்கு 25 சதவீதம். இன்றைய பம்பர் எல்லாம் பிளாஸ்டிக்தானே. 9,000 ரூபாய் பம்பர் மாற்றினால் 4,500ம் கட்டாயக் கழிவு 1,000ம் உங்கள் கையிலிருந்து போகும். ஜீரோ டெப் இருந்தால் அந்த 1,000 மட்டும். ஒரு வருஷத்தில் எத்தனை க்ளெய்ம் வரை இது செல்லும் என்று மட்டும் கேட்டு வையுங்கள், பல கம்பெனிகள் இரண்டோடு நிறுத்திவிடும்.

இன்ஜின் பாதுகாப்பு எல்லாருக்கும் தேவையில்லை. வெள்ளத்தால் வண்டிக்கு ஆகும் சேதம் சாதாரணப் பாலிசியிலேயே உண்டு. ஆனால் தண்ணீர் புகுந்த வண்டியை ஸ்டார்ட் செய்து இன்ஜின் உள்ளே உடைந்தால் அதைப் பின்விளைவுச் சேதம் என்று தள்ளிவிடுவார்கள், அதற்குத்தான் இந்த ஆட்-ஆன். நம் பக்கம் வறண்ட பூமி, வெள்ளம் எங்கே வரப்போகிறது என்று நானே பலரிடம் கேட்டிருக்கிறேன். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஊத்தங்கரையில் ஏரி நிறைந்து வழிந்த தண்ணீர் நிறுத்தியிருந்த வேன்களையும் கார்களையும் அடித்துக்கொண்டு போனதைப் பார்த்த பிறகு அப்படிக் கேட்பதை விட்டுவிட்டேன். உங்கள் வீடு ஏரிக்கரை, ஓடை ஓரம், தரைப்பாலத்தைத் தாண்டிப் போகும் இடம் என்றால் 720ஐ விடாதீர்கள். மேட்டுத் தெருவில் வீடு, வண்டி ஷெட்டில் நிற்கும் என்றால் எடுத்துவிடலாம்.

ரிட்டர்ன் டு இன்வாய்ஸ், வண்டி திருடு போனாலோ முழு நஷ்டமானாலோ ஐடிவிக்குப் பதில் வாங்கிய பில் விலை வரைக்கும் தரும். உங்களுக்கு அந்த இடைவெளி சுமார் மூன்று லட்சம், 960 ரூபாய்க்கு நல்ல பேரம்தான். ஆனால் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொண்டு கட்டுங்கள். பல கம்பெனிகள் இதை மூன்று வருஷ வண்டி வரைதான் தரும், சில ஐந்து வரை. உங்கள் வண்டி சரியாக எல்லையில் நிற்கிறது. கோட்டேஷனில் பணம் வாங்கிவிட்டு, வயது தாண்டியதாகச் சொல்லிப் பின்னால் மறுத்தால் கஷ்டம். "நான்காம் வருஷ வண்டிக்கு இது செல்லுமா, பாலிசி வாசகத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது" என்று ஏஜென்ட்டை வாட்ஸப்பிலோ மெயிலிலோ எழுத்தாகப் பதில் தரச் சொல்லுங்கள்.

ரோடு சைடு உதவி 180. வண்டிக் கம்பெனி வாரன்ட்டியோடு இது ஏற்கெனவே இருக்கிறதா என்று சர்வீஸ் சென்டரில் கேளுங்கள், இருந்தால் இன்னொன்று எதற்கு. தேசிய நெடுஞ்சாலையில் நின்றுபோனால் 1033க்கு அழைக்கலாம், அது இதில் சேராது. ஒகேனக்கல் பக்கமோ அஞ்செட்டி மலைப் பக்கமோ அடிக்கடி போகிறவருக்கு இந்த 180 பிரயோஜனப்படும்.

லயபிலிட்டி பகுதியில் 3,416க்குக் கீழே ஏஜென்ட் மூன்று வரி சேர்த்திருக்கிறார். அதில் முதலாவது, 'சிபிஏ', உரிமையாளர் ஓட்டுநருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துப் பாதுகாப்பு, 375 ரூபாய். இது கட்டாயம்தான், ஆனால் ஒரு ஆளுக்கு ஒன்று போதும். வண்டிக்கு ஒன்று வேண்டியதில்லை. உங்கள் பேரில் உள்ள பைக் பாலிசியில் இது ஏற்கெனவே இருக்கிறதா பாருங்கள். இருந்தால், அல்லது தனியாகக் குறைந்தது 15 லட்சத்துக்கு விபத்துப் பாலிசி இருந்தால், அதைக் காட்டி இந்த வரியை எடுக்கச் சொல்லலாம். பைக் பாலிசி நடு வருஷத்தில் முடிகிறது என்றால் அப்போது மறக்காமல் அதில் புதுப்பிக்க வேண்டும், அந்த ஒழுங்கு உங்களிடம் இருந்தால் மட்டும் எடுங்கள். வெப்சைட் தாளில் இந்த வரியே இல்லை. "என்னிடம் வேறு பாலிசி இருக்கிறது" என்ற பெட்டி டிக் ஆகியிருக்கும். பைக்கில் இல்லாமல் இங்கேயும் இல்லாமல் போனால், வண்டி ஓட்டிப்போய் உங்களுக்கு ஏதாவது ஆனால் குடும்பத்துக்கு அந்த 15 லட்சம் கிடைக்காது. வெப்சைட்டில் நான் பார்த்த ரெண்டாவது பெரிய ஓட்டை இது.

'பெய்டு டிரைவர்' 50 ரூபாய், சம்பளத்துக்கு டிரைவர் வைத்திருந்தால் மட்டும் தேவை, நீங்களே ஓட்டுவதால் எடுத்துவிடுங்கள். பயணிகளுக்கு ஆளுக்கு ஒரு லட்சம் வீதம் ஐந்து பேருக்கு 250, இது விருப்பம். குடும்பத்தோடு போகிற வண்டி, நான் வைத்துக்கொள்வேன்.

இனி ஜிஎஸ்டி வரியைப் பார்ப்போம். ஏஜென்ட் தாளில் ஓன் டேமேஜ் 4,978, ஆட்-ஆன் 4,260, லயபிலிட்டி 4,091, கூட்டினால் 13,329. அதில் 18 சதவீத ஜிஎஸ்டி 2,399. மொத்தம் 15,728. ஒத்துப்போகிறது. தள்ளுபடி போன பிறகு உள்ள தொகைக்குத்தான் வரி, தேர்டு பார்ட்டி உட்பட எல்லாத் தொகைக்கும் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீடுகளுக்கு ஜிஎஸ்டி எடுத்துவிட்டார்கள் என்ற செய்தியை வைத்து "எனக்கு எதற்கு வரி" என்று சிலர் ஏஜென்ட்டோடு சண்டை போடுகிறார்கள். அது மோட்டாருக்குப் பொருந்தாது, காருக்கு 18 சதவீதம் அப்படியே இருக்கிறது. அதே நாளிலிருந்து சரக்கு வாகனங்களின் தேர்டு பார்ட்டிக்கு மட்டும் 12லிருந்து 5 சதவீதம் ஆகியிருக்கிறது. மாங்காய் லோடு ஓட்டும் உறவினர் யாராவது இருந்தால், அவர்கள் தாளில் தேர்டு பார்ட்டிக்கு 5ம் ஓன் டேமேஜுக்கு 18ம் தனித்தனியாக இருக்கிறதா பார்க்கச் சொல்லுங்கள். ஜிஎஸ்டிக்குக் கீழே 'சர்வீஸ் சார்ஜ்', 'பிராசஸிங்' என்று எந்த வரியும் வரக்கூடாது. ஏஜென்ட்டுக்குக் கமிஷன் கம்பெனி தருவது, உங்களிடம் தனியாக வாங்குவதில்லை.

இப்போது ரெண்டு தாளையும் ஒரே மாதிரி ஆக்கிப் பார்க்கலாம். ஐடிவி 4,80,000, போனஸ் 35, வாலன்டரி டிடக்டிபிள் இல்லை, ஜீரோ டெப் மட்டும், தேர்டு பார்ட்டி மட்டும். வெப்சைட் தாளில் இந்தத் திருத்தத்தைப் போட்டால் 4,978ம் 2,400ம் 3,416ம் சேர்ந்து 10,794, வரியோடு 12,737. ஏஜென்ட் தாளில் மற்றதையெல்லாம் எடுத்தாலும் அதே 12,737. அதனால்தான் முதலிலேயே ஒரே ரேட் என்றேன்.

பைக்கில் சிபிஏவும் வாரன்ட்டியில் ரோடு சைடு உதவியும் இருப்பது உறுதியானால் நான் உங்கள் இடத்தில் ஏஜென்ட்டுக்கு இப்படி எழுதுவேன்: ஐடிவி 4,80,000ம் போனஸ் 35ம் அப்படியே இருக்கட்டும். பைக்கில் சிபிஏ இருப்பதால் இங்கே எடுங்கள், டிரைவர் 50ஐ எடுங்கள், ரோடு சைடு உதவி வாரன்ட்டியில் இருக்கிறது, எடுங்கள். ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் என் வண்டி வயதுக்குச் செல்லும் என்று எழுத்தில் சொல்லுங்கள், இல்லையென்றால் அதையும் எடுங்கள். அப்புறம் ஓன் டேமேஜ் தள்ளுபடி 60 கிடைக்குமா? அந்த மூன்று வரி போனால் மட்டும் 15,014 வரும். 60ம் கிடைத்தால் 13,840. அவர் கம்பெனியில் 50க்கு மேல் வராது என்றால், இதே வரிகளை வைத்து இன்னொரு கம்பெனியில் கேளுங்கள், தள்ளுபடி கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கமிஷனிலிருந்து கையில் திருப்பித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், சட்டப்படி அது கூடாது. தாளில் இல்லாத தள்ளுபடி தள்ளுபடியே இல்லை.

பணத்தைக் கம்பெனியின் பெயரில் வரும் லிங்கிலோ கம்பெனி பேருக்குக் காசோலையாகவோ மட்டும் கட்டுங்கள், யாருடைய சொந்த யுபிஐ நம்பருக்கும் வேண்டாம். பிரீமியம் கம்பெனிக்குப் போய்ச் சேரும் வரை பாதுகாப்பு தொடங்காது. பழைய பாலிசி முடியும் நாளுக்கு முன்பே முடித்துவிடுங்கள். ஒரு நாள் தாண்டினாலும் வண்டியைப் பரிசோதிக்க வேண்டும் என்பார்கள், 90 நாள் தாண்டினால் அந்த 35 சதவீதமும் போய்விடும். பாலிசி மெயிலில் வந்த உடனே அதில் உள்ள பிரிப்பையும் கோட்டேஷனையும் பக்கத்தில் வைத்து, இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர், ஐடிவி, போனஸ், ஆட்-ஆன் பெயர்கள் ஐந்தும் அப்படியே இருக்கிறதா பாருங்கள். கோட்டேஷனில் இருந்த ஆட்-ஆன் பாலிசியில் அச்சாகாமல் போனதை நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கே மெயில் போட்டால் திருத்தித் தந்துவிடுவார்கள், விபத்துக்குப் பிறகு திருத்த மாட்டார்கள்.